ஜன்னல் முன் நின்றவர் முகம் ஏன் கறுக்கிறது?

போனில் ஆசையாகப் படமெடுக்கும் 13 வயதுப் பிள்ளைக்குப் புது கேமராவைவிட முதலில் தேவை இந்தப் பயிற்சிதான். ஜன்னலுக்கு முன்னால் ஒருவரை நிறுத்தி எடுத்தால், பின்னாலுள்ள வெளிச்சத்துக்கு ஏற்ப கேமரா மொத்தப் படத்தின் ஒளியையும் குறைத்துவிடும், முகம் கறுத்துப்போகும். திரையில் முகத்தைத் தொட்டால் முகம் தெளியும், ஆனால் ஜன்னல் வெளுத்துவிடும். வெளுத்த இடத்தைப் பிறகு எடிட் செய்து மீட்க முடியாது.

அதனால் ஆளை ஜன்னலுக்குப் பக்கவாட்டில், ஓரடி தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள். லென்ஸைப் பருத்தித் துணியால் துடைத்துவிட்டு (விரல்ரேகை படிந்தால் படம் மங்கலாகும்), திரையில் தெரியும் கண்ணின்மேல் விரலை 2 விநாடி அழுத்தினால் பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தெரியும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்து, கன்னத்தில் வெள்ளைத் திட்டு மறைந்ததும் எடுக்கலாம்.