கூட்டல் சரி, நிலுவை எங்கே?

போன மாதம் ஒரு நகராட்சியின் சொத்து வரித் தணிக்கைக்கு என்னோடு மூன்று புதியவர்கள் வந்தார்கள். எவ்வளவு வரி வர வேண்டும், எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று காட்டும் கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டை, அதாவது நாம் டிசிபி என்று சொல்வதை, இரண்டு நாள் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு "எல்லாம் டேலி ஆகிறது சார்" என்றார்கள். பல வருடங்களுக்கு முன் நானும் அப்படித்தான் சொன்னேன், அதே குரலில். அதனால்தான் இதை எழுதுகிறேன். கூட்டல் பிழை, அடித்துத் திருத்தியது, கையொப்பம் இல்லாத பக்கம் இதெல்லாம் யார் கண்ணிலும் படும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரு வருடத்துப் பதிவேட்டை மட்டும் பார்ப்பது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பதிவேட்டில் நிலுவைக் கேட்பு, நடப்புக் கேட்பு, வசூல், மீதி என்று வரிசையாக இருக்கும். முதல் இரண்டையும் கூட்டி வசூலைக் கழித்தால் மீதி வருகிறதா என்று பார்க்கிறோம். வரும். வராத பதிவேட்டை யாரும் தணிக்கைக்குக் கொண்டுவந்து வைப்பதில்லை. பார்க்க வேண்டியது அந்த முதல் எண் எங்கிருந்து வந்தது என்பதை.

நான் கோட்டை விட்ட வார்டின் கணக்கு இது. நிலுவைக் கேட்பு ரூ.3,71,450. நடப்புக் கேட்பு ரூ.6,20,000. வசூல் ரூ.5,80,000. மீதி ரூ.4,11,450. கணக்கு துல்லியம். வசூல் 58.5 சதவீதம், பக்கத்து வார்டுகளைவிட நன்று என்று பாராட்டிக்கூட எழுதினேன்.

அடுத்த வருடம் அதே நகராட்சிக்கு ஒரு மூத்த தணிக்கையாளரின் குழுவில் போனேன். அவர் உட்கார்ந்ததும் கேட்டது நான் பார்த்த வருடத்துப் பதிவேட்டை அல்ல, அதற்கும் முந்தைய வருடத்தின் மார்ச் 31 நிலுவைப் பட்டியலை. அதில் இதே வார்டின் மீதி ரூ.4,12,600. மார்ச் 31 இரவு 4,12,600 ஆக இருந்தது ஏப்ரல் 1 காலையில் 3,71,450 ஆகிவிட்டது. இடையில் ரூ.41,150 வசூலாகவும் இல்லை, தள்ளுபடியாகவும் இல்லை. "தம்பி, இந்தப் பக்கத்துல உன் பச்சை மை டிக் இருக்கே" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இரண்டு பட்டியல்களையும் வரிவிதிப்பு எண் வாரியாக வைத்துப் பார்த்ததில் ஒன்பது எண்களில் வித்தியாசம் இருந்தது. ஆறு எண்கள் இரட்டை வரிவிதிப்பு. ஒரே வீட்டுக்கு அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று இருந்ததை ஆணையர் உத்தரவுப்படி நீக்கியிருந்தார்கள். அது ரூ.18,400. உத்தரவு நகல் கோப்பில் இருந்தது, சரி. அடுத்த இரண்டு எண்களில் மேல்முறையீட்டில் வரியைக் குறைத்ததாகச் சொல்லி ரூ.9,550 கழித்திருந்தார்கள். உத்தரவை வாங்கிப் படித்தால் குறைக்கச் சொன்னது ரூ.7,050தான். மீதி 2,500 யாருடைய தாராளமோ தெரியவில்லை.

கடைசி எண் ஒரு கடைக் கட்டிடம். அரையாண்டு வரி ரூ.2,200, ஆறு அரையாண்டு பாக்கி, மொத்தம் ரூ.13,200. முந்தைய பட்டியலில் இருக்கிறது, அடுத்த பட்டியலில் பாக்கியே இல்லை. உத்தரவும் இல்லை. நேரில் போனோம். கடைக்காரர் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரூ.4,400 வீதம் மூன்று ரசீதுகள். ஆபீசுக்கு வந்து ரசீது புத்தக இருப்புப் பதிவேட்டைப் பார்த்தால், அந்த எண்ணுள்ள புத்தகம் இன்னும் யாருக்கும் வழங்கப்படாமல் அலமாரியில் இருப்பதாகப் பதிவு. அலமாரியில் இல்லை. பணம் அன்றாட வசூல் சிட்டாவிலும் ஏறவில்லை, வங்கிச் சலானிலும் இல்லை. பாக்கி பட்டியலில் நின்றிருந்தால் மறுபடி அவர் பெயருக்கு நோட்டீஸ் போகும், அவர் ரசீதோடு வந்து நிற்பார். அதனால் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

உத்தரவுள்ள குறைப்புகளை மட்டும் ஏற்று, உண்மையான நிலுவையை வைத்துக் கணக்கிட்டால் வசூல் 58.5 அல்ல, 57.6 சதவீதம். வராத பாக்கியைக் கேட்பிலிருந்து எடுத்துவிட்டால் சதவீதம் தானாக ஏறும். வாராவாரம் சதவீதத்துக்காக மெமோ வாங்குகிற பில் கலெக்டருக்கு இது பெரிய ஆசை. எல்லோரும் பணத்தை எடுத்துவிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. சிலர் இடிந்துபோன வீட்டின் பாக்கியை உத்தரவு வாங்கச் சோம்பல்பட்டு இப்படி முடித்துவிடுகிறார்கள். ஆனால் பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நகராட்சியின் பதில்தான் இன்னும் உறுத்துகிறது. "முந்தைய தணிக்கையில் இதற்குத் தடை எழுப்பப்படவில்லை" என்று என் அறிக்கையையே சாட்சிக்கு இழுத்தார்கள்.

இப்போது கணினிப் பட்டியல் கிடைப்பதால் வேலை எளிது. இரண்டு வருடப் பட்டியலையும் எக்செல்லில் வாங்கி வரிவிதிப்பு எண்ணை வைத்து VLOOKUP போடுங்கள். இரண்டு பக்கமும் போடுங்கள். மொத்தத் தொகை பொருந்திவிட்டது என்று நிறுத்தினால், ஓர் எண்ணில் குறைத்ததை இன்னோர் எண்ணில் ஏற்றிச் சமன் செய்திருப்பது தெரியாது. வார்டு மறுவரையறை நடந்த வருடத்தில் எண்களே மாறியிருக்கும். அப்போது பழைய எண், புதிய எண் இணைப்புப் பட்டியலை முதலில் கேளுங்கள், இல்லையென்றால் ஊரே காணாமல் போனதுபோல் ஒரு விடை வரும்.

கேட்பில் ஏறாததைத் தேடாமல் விடுவது

பதிவேட்டில் ஏறாத கட்டிடத்துக்கு நிலுவையே வராது. ஆகவே அதைப் பதிவேட்டுக்குள் தேடிப் பயனில்லை. கட்டிட அனுமதிப் பதிவேட்டிலிருந்து இருபது முப்பது எண்களை எடுத்து வரிவிதிப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் எந்த அரையாண்டிலிருந்து வரி போட்டார்கள் என்றும் பாருங்கள். மின் இணைப்பு வாங்கிக் குடிவந்து இரண்டு வருடம் ஆன வீட்டுக்கு இந்த அக்டோபரிலிருந்து வரி என்றால், நாலு அரையாண்டு போய்விட்டது. 2022 பொதுச் சீராய்வில் வீடுகளுக்கான உயர்வு பரப்பளவைப் பொறுத்தது. சென்னையின் பழைய பகுதி தவிர மற்ற மாநகராட்சிப் பகுதிகளிலும் நகராட்சிகளிலும் 600 சதுர அடி வரை 25 சதவீதம், அதற்கு மேல் 1,200 வரை 50 சதவீதம். அதனால் 598, 1,195 என்று எல்லைக்குச் சற்றுக் கீழே கூட்டமாக நிற்கும் வீடுகளைத் தனியாக எடுத்து, சிலவற்றை டேப் பிடித்து அளந்து பாருங்கள்.

மார்ச் மாதக் காசோலை

மார்ச் கடைசி வாரத்தில் வந்த காசோலைகளை வசூலில் ஏற்றிவிடுவார்கள். ஏப்ரலில் திரும்பி வந்தால் பாக்கியை மறுபடி ஏற்றினார்களா என்று வங்கி அறிக்கையோடு பாருங்கள். ஏற்றாமல் விட்ட காசோலை, கட்டிய காசோலை ஆகிவிடும்.

ஊக்கத்தொகை

அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டுபவருக்கு 5 சதவீதக் கழிவு உண்டு, அதிகபட்சம் ரூ.5,000. அந்தக் கழிவைத் தனியாகக் காட்டாத இடத்தில், ஒழுங்காகக் கட்டியவர் பெயரிலேயே சில்லறை பாக்கி நிற்கும். சில்லறை பாக்கிகள் 5 சதவீதமாகவே வந்தால் காரணம் இதுதான்.

கூடுதலாகக் கட்டிய பணம்

கூடுதலாகக் கட்டியவர் பெயரில் நிற்கும் மைனஸ் எண்களை மொத்த நிலுவையில் கழித்துக் காட்டினால் ஏற்காதீர்கள். ஒருவர் கூடுதலாகக் கட்டியது இன்னொருவர் பாக்கியைத் தீர்க்காது.

"நீதிமன்ற வழக்கு" என்ற குறிப்பு

பாக்கிக்கு எதிரே இப்படி எழுதியிருந்தால் வழக்கு எண் கேளுங்கள்.

மத்திய அரசுக் கட்டிடங்கள்

அரசமைப்பின் 285-ஆம் பிரிவுப்படி அவற்றுக்குச் சொத்து வரி இல்லை, சேவைக் கட்டணம்தான். தபால் ஆபீசின் பெயரில் இருபது வருட வரி நிலுவை என்று எழுதிவைத்திருந்தால், அது நிலுவையே இல்லை.