இரண்டு டீமை ஒன்றாக்கும்போது எங்கே சறுக்குகிறது?

வாட்டர் பியூரிஃபையர் விற்கும் ஒரு நிறுவனத்தில் நான் இருந்தபோது, போனில் புகார் கேட்கும் கால் சென்டரையும் வீட்டுக்குப் போய் ரிப்பேர் பார்க்கும் சர்வீஸ் டீமையும் ஒரே நாளில் சேர்த்தார்கள். இரண்டு மேனேஜர்களும் சீனியர்கள். யார் மனமும் நோகக் கூடாதென்று இருவரையுமே தலைவர்களாக்கினார்கள். முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது.

ஒரு அம்மாவின் மெஷினில் பம்ப் போய்விட்டது. வாரண்டி முடிந்து 6 நாள்தான் ஆகியிருந்தது. கால் சென்டர் பெண் "ஃப்ரீயா மாத்திடுவாங்க மேடம்" என்றார். வந்த டெக்னீஷியன் பணம் கேட்டார். கால் சென்டர் பெண் தன் பழைய மேனேஜரைக் கூப்பிட்டார், டெக்னீஷியன் தன் பழைய மேனேஜரை. 9 நாளில் அந்தப் புகார் டிக்கெட் 5 முறை கைமாறியது. சலுகை கொடுப்பது இத்தனை நாள் கால் சென்டரின் அதிகாரம், ஸ்பேர் செலவைக் காப்பது சர்வீஸின் அதிகாரம். இரண்டையும் யாரும் ரத்து செய்யவில்லை.

அப்புறம் ஹெச்.ஆர். ஒரு பொறுப்பு அட்டவணை கொண்டுவந்தது. 'புகார் தீர்த்தல்' என்றொரு வரி, அதற்கு நேரே இரண்டு பெயர். வேலையை எழுதினால் இப்படித்தான் ஆகும். எடுக்க வேண்டிய முடிவை எழுத வேண்டும். 'வாரண்டி முடிந்து 30 நாளுக்குள் வந்தால் ஃப்ரீ ஸ்பேர் தரலாமா?' என்று கேள்வியாகவே எழுதி, எதிரே ஒரே ஒரு பெயர் போட வேண்டும். போன மாதம் சண்டை வந்த டிக்கெட்டுகளை எடுத்துப் பார்த்தாலே இப்படிப் பத்துப் பதினைந்து கேள்வி கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய தவறு, டார்கெட்டைத் தொடாமல் விட்டது. கால் சென்டருக்கு 48 மணி நேரத்தில் புகாரை மூடினால் இன்சென்டிவ். சர்வீஸுக்கு ஸ்பேர் செலவு குறைந்தால் இன்சென்டிவ். சீக்கிரம் மூட ஒரே வழி ஃப்ரீயாகக் கொடுப்பது. செலவைக் குறைக்க ஒரே வழி இழுத்தடிப்பது. ஆட்கள் நல்லவர்கள்தான், சம்பளச் சீட்டு அவர்களை மோதவிட்டது. இரண்டு கணக்கும் ஒரே ஆளின் டார்கெட்டில் வந்தால்தான் சண்டை ஓயும். ஆனால் வருஷ நடுவில் திடீரென்று மாற்றினாலும் கொதிப்பார்கள். இணைத்த தேதி வரை பழைய டார்கெட்டுக்குக் கணக்கு முடித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மறுநாளிலிருந்து புதியதைத் தொடங்கலாம்.

பழைய வாட்ஸ்அப் குரூப்புகளைக் கலைக்கச் சொல்வார்கள். தேவையே இல்லை. கலைத்தால் வேறு பெயரில் முளைக்கும். அதற்குப் பதில், மூன்று முறைக்கு மேல் கைமாறிய டிக்கெட்டுகளை வாராவாரம் எண்ணிப் பாருங்கள். அது குறையவில்லை என்றால் எங்கோ ஒரு முடிவுக்கு இன்னும் இரண்டு முதலாளிகள் இருக்கிறார்கள்.

அந்த அம்மாவுக்கு பம்ப் ஃப்ரீயாகவே கிடைத்தது. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்று மார்ச் கடைசி வரை மெயில் போய்க்கொண்டிருந்தது.