ஆயுதம் கொடுக்கும் நாடும் நடுநிலைமையும்: தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

நாகர்கோவிலில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர்கள் சிலர் எழுதும் பன்னாட்டுச் சட்டக் கட்டுரைகளை வாரம் ஒருமுறை திருத்திக் கொடுத்து வருகிறேன். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வியைச் சென்ற மாதம் ஒரு மாணவர் நேராகவே கேட்டார்: "சாரே, அரசாங்கம் கொடுத்தா என்ன, கம்பெனி வித்தா என்ன, விழுற குண்டு ஒண்ணுதானே?" குண்டு விழும் வீட்டில் இருப்பவருக்கு அது ஒன்றுதான். ஆனால் சட்டம் அந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று புரிந்துகொண்டால் மற்ற தவறுகளில் பாதி தாமாகவே விலகிவிடும்.

அதற்குமுன் சிறியதொரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். அணிசேராமையும் நடுநிலைமையும் வேறு வேறு. அணிசேராமை என்பது ஒரு நாடு அமைதிக் காலத்திலும் கடைப்பிடிக்கும் அரசியல் கொள்கை. அதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். நடுநிலைமை என்பது இரு நாடுகளுக்கிடையே போர் மூண்ட பிறகு, அதில் சேராத நாட்டுக்குச் சட்டம் கொடுக்கும் நிலை. அதில் உரிமைகளும் உண்டு, கடமைகளும் உண்டு. இந்தியா அணிசேரா நாடு என்பதாலேயே எந்தப் போரிலும் அது நடுநிலை நாடு என்று எழுதினால் அந்த வாக்கியத்துக்குச் சட்டப் பொருள் எதுவும் இல்லை.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். கடற்போரில் நடுநிலைமை பற்றிய, 1907ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் ஹேக் உடன்படிக்கையின் 6ஆம் விதி, நடுநிலை நாடு போரிடும் நாட்டுக்குப் போர்க்கப்பலையோ வெடிமருந்தையோ வேறு எந்தப் போர்ப் பொருளையோ நேரடியாகவும் மறைமுகமாகவும் வழங்கக் கூடாது என்கிறது. அடுத்த விதியோ, தன் நாட்டிலிருந்து தனியார் அத்தகைய பொருள்களை ஏற்றுமதி செய்வதைத் தடுக்க வேண்டிய கட்டாயம் நடுநிலை நாட்டுக்கு இல்லை என்கிறது. அரசுக்குத் தடை, வணிகனுக்கு விலக்கு என்ற இந்தப் பிரிவின் பின்னணியில் ஒரு கப்பலின் கதை இருக்கிறது. அந்தக் கப்பல் நம் குமரி முனைக்கு அப்பாலுள்ள கடலையும் கடந்து சென்றது என்பதால் அதைச் சற்று விரித்தே சொல்கிறேன்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் தொடங்கியபோது பிரிட்டன் நடுநிலைமையை அறிவித்தது. பிரிட்டிஷ் வணிகர்கள் துப்பாக்கிகளை வடக்குக்கும் விற்றார்கள், தெற்குக்கும் விற்றார்கள்; சட்டப்படி அது பெரிய பிரச்சினையாகவில்லை. ஆனால் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில், பிர்க்கென்ஹெட்டில், லெயர்ட் கப்பல் தளத்தில் 290 என்ற எண் மட்டுமே பெயராகக் கொண்ட ஒரு கப்பல் உருவாகிக்கொண்டிருந்தது. அது தெற்கு மாநிலங்களுக்கான போர்க்கப்பல் என்பதற்கான சாட்சியங்களை அமெரிக்கத் தூதரக அதிகாரி தாமஸ் டட்லி திரட்டி, 1862 ஜூலையில் பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் கொடுத்தார். அந்தத் தாள்கள் கருத்துரைக்காக அரசின் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் சென்றன. அவர் நோயுற்றிருந்ததால் சில நாள்கள் அவர் வீட்டிலேயே கிடந்தன. கப்பலைப் பிடித்து வைக்கலாம் என்ற முடிவு எட்டப்பட்ட ஜூலை 29 அன்று காலையிலேயே, வெள்ளோட்டம் என்ற பெயரில் விருந்தினர்களை ஏற்றிக்கொண்டு கப்பல் புறப்பட்டுவிட்டது. நடுவழியில் விருந்தினர்கள் ஓர் இழுவைப் படகில் ஏற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். கப்பல் திரும்பவில்லை.

அந்தக் கப்பலில் அப்போது ஒரு பீரங்கிகூட இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பீரங்கிகள் வேறு கப்பலில் வந்து, போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளருகே சேர்ந்தன. அங்குதான் அது 'அலபாமா' ஆயிற்று. கைப்பற்றிய கப்பல்களைத் தன் துறைமுகங்களுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பிரிட்டன் இரு தரப்புக்கும் விதித்திருந்த தடை உண்மையில் தெற்கையே அதிகம் பாதித்தது. அதனால் 'அலபாமா' பிடித்த கப்பல்களில் பெரும்பாலானவற்றைக் கடலிலேயே கொளுத்தியது. 1864 ஜனவரியில் சிங்கப்பூர்ப் பக்கமிருந்து இலங்கையைச் சுற்றி வந்து, மலபார்க் கரையருகே 'எம்மா ஜேன்' என்ற அமெரிக்கக் கப்பலை எரித்து, அதன் ஆட்களை அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்த அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுச் சென்றது. அஞ்சுதெங்கு திருவனந்தபுரத்துக்குச் சற்று வடக்கே உள்ளது. குளச்சலிலிருந்து கரையோரமாக மேற்கே போனால் எட்டிவிடும் தூரம். எங்கோ ஒரு சட்ட ஆலோசகரின் மேசையில் தாள்கள் காத்துக் கிடந்ததன் விளைவு இவ்வளவு தூரம் வந்து சேர்ந்தது.

போருக்குப் பிறகு அமெரிக்கா இழப்பீடு கேட்டது. 1871ஆம் ஆண்டு வாஷிங்டன் ஒப்பந்தப்படி அமைந்த ஐவர் நடுவர் மன்றம் 1872 செப்டம்பரில் ஜெனிவாவில் தீர்ப்பளித்தது. பிரிட்டன் 'உரிய கவனம்' செலுத்தத் தவறியது என்று கண்டு, 1.55 கோடி டாலரைத் தங்கமாகக் கொடுக்கச் சொன்னது. "எங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் அதற்குமேல் அதிகாரம் இல்லை" என்ற வாதத்தை மன்றம் ஏற்கவில்லை. எவ்வளவு கவனம் வேண்டும் என்பது, கவனக்குறைவால் போரிடும் தரப்புக்கு நேரக்கூடிய ஆபத்தின் அளவைப் பொறுத்தது என்றும் சொன்னது.

ஆகவே, "தனியார் விற்றால் அரசுக்குப் பொறுப்பே இல்லை" என்று எழுதுவது முதல் பெருந்தவறு. துப்பாக்கிப் பெட்டிகளை வணிகர் அனுப்புவதை விட்டுவிடலாம். ஆனால் போருக்கென்றே ஒரு கப்பல் தன் நாட்டில் உருவாகிப் புறப்படுவதைத் தடுக்க அரசு தன்னால் இயன்றதைச் செய்தாக வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. 1907இல் ஆயுத வணிகம் பெரும்பாலும் அரசின் கைக்கு வெளியே நடந்தது. இன்று ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் ஏற்றுமதி உரிமம் இல்லாமல் ஒரு பீரங்கிக் குண்டுகூட வெளியே போக முடியாது. உரிமத்தில் கையெழுத்திடும் அரசு தன்னை வெறும் பார்வையாளன் என்று சொல்லிக்கொள்ள முடியுமா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. முடியாது என்பவர்களின் பக்கமே வலுவானது என்பது என் எண்ணம்.

தனியார் ஏற்றுமதியை அனுமதிப்பதிலும் ஒரு நிபந்தனை மறக்கப்படுகிறது. கட்டுப்பாடு விதித்தால் இரு தரப்புக்கும் சமமாக விதிக்க வேண்டும் என்று தரைப்போரில் நடுநிலைமை பற்றிய ஐந்தாம் ஹேக் உடன்படிக்கையின் 9ஆம் விதி சொல்கிறது. இதைச் சுவிட்சர்லாந்து 2022இல் நடைமுறையில் காட்டியது. தன்னிடமிருந்த கெபார்ட் விமான எதிர்ப்பு வண்டிகளை ஜெர்மனி உக்ரைனுக்குக் கொடுத்தது. அவற்றுக்கான 35 மில்லிமீட்டர் குண்டுகள் சுவிட்சர்லாந்தில் செய்யப்பட்டவை. வாங்கும்போதே, அனுமதியின்றி வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது என்ற உறுதிமொழி இருந்தது. ஜெர்மனி அனுமதி கேட்டது, சுவிட்சர்லாந்து மறுத்தது. ரஷ்யாவுக்குத் தடுத்துவிட்டு உக்ரைனுக்கு அனுமதித்தால் சமநிலை உடையும் என்பதும், அதன் உள்நாட்டுப் போர்ப் பொருள் சட்டமும் காரணம். அந்த மறுப்பை நெஞ்சறிந்து ஆதரிப்பது கடினம். தாக்கப்பட்டவனையும் தாக்கியவனையும் ஒரே தட்டில் வைப்பதுபோல் தெரிகிறது. ஆனால் பழைய நடுநிலைச் சட்டம் தன் சொற்படி அதைத்தான் கேட்கிறது. இதற்கு மாற்றாக, ஆக்கிரமிப்புக்கு ஆளான நாட்டுக்கு உதவலாம், அதே சமயம் போரில் சேராமலும் இருக்கலாம் என்ற நிலைப்பாட்டை அமெரிக்கா 1940, 1941ஆம் ஆண்டுகளில் எடுத்தது. பிரிட்டனுக்கு 50 பழைய நாசகாரிக் கப்பல்களைத் தளங்களுக்கு ஈடாகக் கொடுத்தது அப்போதுதான். ஐ.நா. சாசனத்துக்குப் பிறகு இந்த நிலைப்பாட்டுக்கு ஆதரவு பெருகியிருக்கிறது. ஆனாலும் எல்லா நாடுகளும் அதை ஏற்றுவிடவில்லை.

இரண்டாவது பெருந்தவறு இதற்கு எதிர்ப்புறத்தில் இருக்கிறது: ஆயுதம் கொடுத்த நாடு போரில் சேர்ந்துவிட்டது, எனவே அதைத் தாக்கலாம் என்பது. நடுநிலைக் கடமையை மீறுவது வேறு, போரில் ஒரு தரப்பாவது வேறு. ஓர் அரசு குண்டுகளைக் கொடுத்தால் அது கடமை மீறல் என்று சொல்ல இடமுண்டு. பாதிக்கப்பட்ட நாடு கண்டனம் தெரிவிக்கலாம், இழப்பீடு கேட்கலாம், படை பலத்தைப் பயன்படுத்தாத எதிர்நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் நாடுகள் ஒன்றன்மீது ஒன்று படை பலத்தைப் பயன்படுத்துவதைத் தடுக்கும் ஐ.நா. சாசனத்தின் 2(4)ஆம் விதி இருக்கும்வரை, கொடுத்த நாட்டின் மண்ணில் குண்டு வீசும் உரிமை அதனால் மட்டும் வந்துவிடாது. தன் படைகளை அனுப்புவது, அல்லது குறிப்பிட்ட தாக்குதலைத் திட்டமிட்டு நடத்துவதில் உடனிருந்து பங்கெடுப்பது போன்றவை வேறு கணக்கு. எனவே விடை எழுதும்போது "கொடுத்தது என்ன" என்பதோடு நிற்காமல், "கொடுத்த பிறகு என்ன செய்தது" என்றும் கேட்க வேண்டும்.

உள்நாட்டுப் போருக்கு இந்த நடுநிலைச் சட்டம் அப்படியே பொருந்தாது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு அது பொருந்தியதற்குக் காரணம், பிரிட்டன் தெற்கைப் போர்த்தரப்பாக ஏற்று அறிவித்ததே. அப்படிப்பட்ட அறிவிப்பு இன்று அரிது. இலங்கைப் போர் பற்றி நம் மாணவர்கள் எழுதும்போது, அரசுக்கு ஆயுதம் கொடுத்த நாடுகள் "நடுநிலைமையை மீறின" என்று எழுதுகிறார்கள். அந்தச் சொல் அங்கே பொருந்தாது. அங்கு கேட்க வேண்டியது, கொடுக்கும் ஆயுதம் குடிமக்கள் மீது என்ன செய்யப் பயன்படும் என்பது கொடுத்தவருக்குத் தெரிந்திருந்ததா என்பதே.

இதுவே மூன்றாவது தவறுக்கு அழைத்துச் செல்கிறது: நடுநிலைச் சட்டத்தில் தப்பித்தால் கடமை முடிந்துவிட்டது என்று நினைப்பது. 1949ஆம் ஆண்டு ஜெனிவா உடன்படிக்கைகளின் பொது விதி 1, ஒரு நாடு அவற்றை மதிப்பதோடு, மதிக்கப்படுவதை உறுதி செய்யவும் வேண்டும் என்கிறது. நாடுகளின் பொறுப்பு பற்றி ஐ.நா.வின் பன்னாட்டுச் சட்ட ஆணையம் வகுத்த வரைவு விதிகளில் 16ஆவது, சூழ்நிலையை அறிந்தே இன்னொரு நாட்டின் தவறான செயலுக்கு உதவும் நாடும் பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. 2014 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஆயுத வணிக ஒப்பந்தம், இனப்படுகொலைக்கோ போர்க்குற்றத்துக்கோ பயன்படும் என்று அனுமதி தரும் நேரத்தில் தெரிந்தால் அனுமதியே தரக் கூடாது என்கிறது. இந்தியா அதில் சேரவில்லை, ஆனால் ஜெனிவா உடன்படிக்கைகளில் உறுப்பு நாடு.

காசாப் போரில் இஸ்ரேலுக்கு ஆயுதம் தருவதை எதிர்த்து ஜெர்மனி மீது நிகரகுவா தொடுத்த வழக்கில், 2024 ஏப்ரல் 30 அன்று பன்னாட்டு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பிக்க மறுத்தது. இதை "ஜெர்மனி வென்றது" என்று எழுதுவது அரைகுறை வாசிப்பு. ஜெர்மனியின் கோரிக்கைப்படி வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கவும் நீதிமன்றம் மறுத்தது. போரிடும் தரப்புக்கு ஆயுதம் அனுப்பும்போது அது ஜெனிவா உடன்படிக்கைகளையும் இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையையும் மீறப் பயன்படும் ஆபத்தைத் தவிர்க்கும் கடமை எல்லா நாடுகளுக்கும் உண்டு என்று நினைவூட்டவும் செய்தது.

அதே ஆண்டு செப்டம்பர் 9 அன்று, இஸ்ரேலுக்கான இந்திய ஏற்றுமதிகளை நிறுத்தக் கோரிய மனுவை நம் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வெளியுறவுக் கொள்கை நடுவண் அரசின் வேலை, தன் அதிகார எல்லைக்கு வெளியே உள்ள இறையாண்மை நாட்டின் செயலைப் பற்றித் தான் தீர்ப்பெழுத முடியாது என்பவையே காரணங்கள். இதைப் படித்துவிட்டு, "இந்தியாவுக்கு அத்தகைய கடமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது" என்று ஒரு மாணவர் எழுதியிருந்தார். நான் அந்த வாக்கியத்தை அடித்துவிட்டு ஓரத்தில் எழுதியது இது: கடமை உண்டா இல்லையா என்பதை அந்த நீதிமன்றம் முடிவு செய்யவில்லை, அதைத் தான் முடிவு செய்ய முடியாது என்றுதான் சொன்னது.