நூல் மில்லிடம் விலை பேசிய ரெக்கார்டிங்கைச் சுருக்கி எழுதுவது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனியில் பர்ச்சேஸ் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாக, முப்பதாம் நம்பர் கோம்டு நூல் 3,000 கிலோவுக்கு மில்லோடு பேசிய 22 நிமிட ரெக்கார்டிங் ஒன்றை வைத்துக்கொள்வோம்.

முதல் தடவை கேட்கும்போது விலை வரும் இடங்களை மட்டும் நிமிடத்தோடு குறியுங்கள். நம் ஊர்ப் பக்கம் விலையை முழுதாகச் சொல்ல மாட்டார்கள், வாலை மட்டும் சொல்வார்கள். "ரெண்டு குறைச்சுக்கலாங்க" என்றால் மில் கிலோவுக்கு முதலில் சொன்ன 268 ரூபாயிலிருந்து 266. "ரெண்டுக்குப் போட்டுக்கலாங்க" என்றால் 262. வேகமாகப் பேசும்போது இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும், புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். சந்தேகம் வந்தால் பின்னால் மொத்தத் தொகை பேசுகிறார்களா என்று தேடுங்கள். இந்தப் பேச்சில் மில்காரர் கடைசியில் "ஏழு எண்பத்தாறு வருதுங்க" என்கிறார். 7,86,000-ஐ 3,000 கிலோவால் வகுத்தால் 262. சரி, உறுதியாகிவிட்டது.

அடுத்து, ஒவ்வொரு விலைக்கும் பக்கத்தில் யார் சொன்னது, எந்த நிபந்தனையில் என்று எழுதுங்கள்:

03:10 மில்: 268, பணம் 45 நாளில்
07:40 நாம்: 258 கேட்டோம்
11:25 மில்: 266, பணம் 45 நாளில்
16:50 மில்: 262, 15 நாளில் பணம் வந்தால் மட்டும்

"கடைசி விலை 262" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் முதலாளி நான்கு ரூபாய் லாபம் என்று நினைப்பார். ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடன் வாங்குகிற கம்பெனி என்றால், 30 நாள் முன்கூட்டிப் பணம் கட்ட கிலோவுக்கு இரண்டரை ரூபாய்க்கு மேல் செலவாகும். உண்மையான மிச்சம் ஒன்றரை ரூபாய்க்கும் கீழேதான்.

அப்புறம், யார் எதை விட்டுக்கொடுத்தார்கள் என்பது. மில் 268-லிருந்து 266-க்கு இறங்கியதை விட்டுக்கொடுத்ததாக எழுதலாம், அதற்குப் பதிலாக எதையும் கேட்கவில்லை. நாம் 2,000 கிலோவை 3,000 ஆக்கினோம். 15 நாள் கெடுவை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். "முதலாளிகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றுதான் நம்மவர் சொன்னார், ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தக் கெடு போக வேண்டிய இடம் "முடிவாகாதவை" என்ற பட்டியல். லாரி வாடகைக்கு மில்காரர் "பாத்துக்கலாங்க" என்றார். அது சம்மதம் இல்லை, அவர் சொன்ன சொல்லையே அப்படியே எழுதிவையுங்கள். பேசாமலே விட்டதையும் இங்கே சேர்க்க வேண்டும். 262-க்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம் தனியா என்று 22 நிமிடத்தில் இருவருமே கேட்கவில்லை.

எழுதி முடித்ததும், முடிவாகாத மூன்றையும் மட்டும் அன்றைக்கே மில்லுக்கு வாட்ஸ்அப்பில் கேள்வியாக அனுப்புங்கள்: "262-க்கு 15 நாள் கெடுவா? லாரி வாடகை யாருடையது? ஜிஎஸ்டி தனியா?" பதில் வந்ததும், வந்த தேதியோடு அந்தந்த வரிக்கு நேரே எழுதுங்கள்.