ஸ்கேன் செய்த பாடத்தாளில் எழுத்து குழம்பிவிட்டால் அட்டவணையையும் வரைபடத்தையும் மீட்பது எப்படி?

ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து, அதையும் செல்போனில் ஸ்கேன் செய்து அனுப்பிய பாடத்தாள் ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. மூன்று உப்புகள் தண்ணீரில் எவ்வளவு கரையும் என்று காட்டும் ஓர் அட்டவணை, அதற்குக் கீழே அதே விவரத்தின் வரைபடம். அட்டவணையை காப்பி செய்து ஒட்டிப் பார்த்தேன். வந்தது இது:

```
00 100 200 300 400 500 600
27.6 31.0 34.0 370 40.O 42.6 45.5
357 35.8 36.0 36.3 366 37.0 373
l3.3 20.9 37.6 45.8 85.S 110
KN03 NaCI KCI 9/1009
```

படத்தையே பார்த்துத் தட்டச்சு செய்துவிடலாமே என்று தோன்றும். முடிந்தால் அதுதான் நல்லது. ஆனால் இந்தத் தாளில் தலைப்பு வரி கறுப்புப் பட்டைக்குள் அச்சாகியிருந்தது; நகல் எடுத்து எடுத்து அது முழுக் கறுப்பாகிவிட்டது. ஒரு கட்டத்தின் மேல் மடிப்புக் கோடு விழுந்திருந்தது. அட்டவணையும் வரைபடமும் ஒரே விவரத்தைத்தான் சொல்கின்றன என்பதால், ஒன்றை வைத்து இன்னொன்றைச் சரிசெய்ய முடிந்தது. அதை எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், மறுபடி வாசிக்க வையுங்கள்

பிடிஎஃப்பில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் எழுத்து, ஸ்கேன் ஆப் அவசரமாகப் படித்துவைத்தது. அதைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள். படத்தின் தரம் எப்படி என்று பாருங்கள். பக்கத்தைப் படமாக எடுத்து, படத்திலிருந்து எழுத்தை வாசிக்கும் டெசராக்ட் என்ற மென்பொருளிடம் கொடுங்கள். உபுண்டுவில் இப்படி:

```
sudo apt install poppler-utils tesseract-ocr tesseract-ocr-tam
pdfimages -list handout.pdf
pdftoppm -r 300 -f 3 -l 3 -gray -png handout.pdf page
tesseract page-3.png out -l tam+eng --psm 6
```

இரண்டாவது கட்டளை தரும் பட்டியலில் `x-ppi` என்ற எண்ணைப் பாருங்கள். 300 இருந்தால் நல்லது. 150 என்றால் ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு பிக்சல்தான். தசமப் புள்ளிக்கு அதில் இரண்டு மூன்று பிக்சல் கிடைத்தால் அதிகம். 35.7 எப்படி 357 ஆனது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது. 150-இல் எடுத்த ஸ்கேனை மென்பொருளில் 300-க்குப் பெரிதாக்கினால் தொலைந்த புள்ளி திரும்பி வராது. முடிந்தால் தாளையே மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

`--psm 6` என்பது பக்கம் முழுவதையும் ஒரே எழுத்துத் தொகுதியாக எடுத்துக்கொண்டு வரிவரியாகப் படிக்கச் சொல்கிறது. அது இல்லாவிட்டால் நெடுவரிசைகளைத் தனித்தனிப் பத்திகள் என்று நினைத்து மேலிருந்து கீழாகப் படித்துவிடக்கூடும். அட்டவணையை மட்டும் வெட்டியெடுத்துக் கொடுத்தால் இன்னும் நன்றாக வரும். என் தாளுக்கு இதெல்லாம் செய்தும் பெரிய முன்னேற்றம் இல்லை. மேலே காட்டிய குழப்பத்தோடுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது.

எழுத்துக்குள் ஒளிந்திருக்கும் எண்கள்

முதல் வரியில் 00, 100, 200 என்று இருப்பது என்ன? 0°, 10°, 20°. டிகிரி வட்டத்தை மென்பொருள் பூஜ்யமாகப் படித்திருக்கிறது. கடைசி வரியில் உள்ள `9/1009` இன்னும் வேடிக்கை: அது g/100 g. சிறிய g அதற்கு 9 ஆகத் தெரிந்திருக்கிறது. ஆக, 100 கிராம் தண்ணீரில் எத்தனை கிராம் கரையும் என்பதுதான் அட்டவணையின் அலகு. இதை முதலில் கண்டுபிடித்துவிடுங்கள். அலகு தெரியாமல் மற்ற எண்களைத் திருத்தினால் 357 சரியா 35.7 சரியா என்று முடிவு செய்ய முடியாது. 100 கிராம் தண்ணீரில் 357 கிராம் கரைந்து, அடுத்த பத்து டிகிரியில் அது 35.8 ஆவது எப்படி?

O, l, S ஆகியவை முறையே 0, 1, 5. இவை எண்களுக்கு நடுவில் எழுத்தாக நிற்பதால் கண்ணில் பட்டுவிடும். ஆபத்து அவற்றில் இல்லை. ஓர் எண் இன்னோர் எண்ணாக மாறியிருந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அது பார்க்கச் சரியாகவே இருக்கும்.

எண்ணுங்கள், பிறகு கழியுங்கள்

வெப்பநிலை ஏழு. அப்படியென்றால் ஒவ்வோர் உப்புக்கும் ஏழு எண்கள் வேண்டும். நான்காவது வரியில் ஆறுதான் இருக்கின்றன. எது காணாமல் போனது?

அடுத்தடுத்த எண்களைக் கழித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். 13.3, 20.9, 37.6, 45.8, 85.5, 110 என்ற வரிசையின் வித்தியாசங்கள்: 7.6, 16.7, 8.2, 39.7, 24.5. கரைதிறன் வெப்பநிலையோடு சீராக மாறும் ஒன்று. இந்த வித்தியாசங்கள் தாறுமாறாகக் குதிக்கின்றன. 39.7 என்பது மற்ற எல்லாவற்றையும் விட மிக அதிகம். அங்கேதான் ஒரு படி தாண்டப்பட்டிருக்கிறது, அதாவது 40 டிகிரிக்கான எண் இல்லை. மடிப்புக் கோடு விழுந்திருந்ததும் அந்த இடத்தில்தான்.

இன்னொரு கோளாறும் இருக்கிறது. 16.7-க்கு அடுத்து 8.2. ஒன்று மிக அதிகம், அடுத்தது மிகக் குறைவு. இப்படி வந்தால் இரண்டுக்கும் நடுவில் உள்ள எண்தான் தப்பு. அது 37.6. தேய்ந்த அச்சில் 1-ம் 7-ம் மாறுவது சகஜம். 31.6 என்று போட்டால் வித்தியாசங்கள் 7.6, 10.7, 14.2 என்று அழகாக ஏறுகின்றன. ஆனால் அழகாக வருகிறது என்பதற்காக எழுதிவிடக் கூடாது. இது சந்தேகம் மட்டும்தான். சாட்சி வரைபடத்தில் கிடைக்கும்.

இந்தக் கழித்தல் சோதனை பெரிய தப்பைத்தான் பிடிக்கும். 85.5-ஐ 85.3 என்று படித்திருந்தால் வித்தியாசங்கள் அப்போதும் சீராகவே தெரியும். கடைசி இலக்கத்துக்குக் கண்தான் கதி: அந்தக் கட்டத்தை 400 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்.

வரைபடத்தில் அளப்பது

பக்கத்தின் படத்தை கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருளில் திறந்து, வரைபடத்தை மட்டும் வெட்டியெடுங்கள். சுட்டியை எங்கே வைத்தாலும் அந்த இடத்தின் பிக்சல் எண்கள் கீழே இடது ஓரத்தில் தெரியும். அச்சுகளில் தெளிவாகத் தெரியும் இரண்டிரண்டு குறிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். என் படத்தில் 0 டிகிரி கிடைமட்டமாக 200-ஆவது பிக்சலிலும், 60 டிகிரி 1400-இலும் இருந்தன. ஆக ஒரு டிகிரிக்கு 20 பிக்சல். செங்குத்தில் 0 கிராம் 1340-இல், 120 கிராம் 140-இல். ஒரு கிராமுக்கு 10 பிக்சல். படத்தில் பிக்சல் மேலிருந்து கீழாக எண்ணப்படுவதால், கிராம் கூடக் கூட பிக்சல் எண் குறையும். எனவே:

```
g = (1340 - y) / 10
T = (x - 200) / 20
```

கோட்டைத் தொடும் முன் நடுவில் உள்ள ஒரு குறியைச் சோதியுங்கள். 60 கிராம் குறி 740-இல் இருக்க வேண்டும். பெரிதாக விலகியிருந்தால் தாள் சாய்ந்தோ வளைந்தோ ஸ்கேன் ஆகியிருக்கிறது, அல்லது அது சம இடைவெளி அச்சே இல்லை. சாய்ந்திருந்தால் படத்தைத் திருப்பி நேராக்கிவிட்டு மறுபடி அளவெடுங்கள்.

சரி, இப்போது சந்தேக எண். 20 டிகிரி என்றால் x 600. அங்கே, 13 கிராமில் தொடங்கி 110 வரை ஏறும் வளைகோடு 1023-இல் இருந்தது, அதாவது 31.7 கிராம். எண் உண்மையிலேயே 37.6 என்றால் கோடு 964-இல் இருந்திருக்கும், ஏறக்குறைய அறுபது பிக்சல் மேலே. சந்தேகத்துக்கு இடமில்லை: 31.6.

காணாமல் போன 40 டிகிரி: x 1000, கோடு 702-இல். கணக்கு 63.8 என்கிறது. ஆனால் நான் தாளில் 63.8 என்று எழுதவில்லை, "சுமார் 64" என்றுதான் எழுதினேன். கோட்டின் தடிமனே நான்கு பிக்சல், அதாவது 0.4 கிராம், அந்த தசமத்தை நம்ப முடியாது. 31.6 விஷயம் வேறு. அங்கே வரைபடம் முடிவு செய்தது 1-ஆ 7-ஆ என்பதை மட்டும். மற்ற இலக்கங்கள் அச்சிலிருந்தே வந்தவை. நான் இரண்டையும் வேறு வேறு நிறத்தில் குறித்துவைக்கிறேன்: அச்சில் படித்தது கறுப்பு, திருத்தியது நீலம், வரைபடத்தில் அளந்தது சிவப்பு. சுமார் 64-ஐ இடையில் போட்டதும் வித்தியாசங்கள் ஏறக்குறைய 18, 21.5, 24.5 ஆகின்றன.

எந்த எண் எந்த உப்புக்கு?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுவார்கள். கடைசி வரியில் உப்புகளின் பெயர்கள் `KN03 NaCI KCI` என்று வருகின்றன. அதே வரிசையில் பொருத்தினால் 27.6-இல் தொடங்குவது பொட்டாசியம் நைட்ரேட் என்றாகும். தலைப்பு கறுப்புப் பட்டைக்குள் இருந்ததால் மென்பொருள் பெயர்களைத் தனியாகப் பிய்த்து எடுத்திருக்கிறது. அந்த வரிசையை நம்பக் கூடாது. வரைபடத்தில் கோடுகளுக்கு நிறம் இருந்திருக்கும் போல, நகலில் மூன்றும் ஒரே சாம்பல்.

பாடத்தாளில் நன்றாகப் படிக்க முடிந்த ஒரு வாக்கியம் உதவியது: பொட்டாசியம் நைட்ரேட்டின் கரைதிறன் வெப்பநிலையோடு மிக வேகமாகக் கூடும், சோடியம் குளோரைடுக்கு ஏறக்குறைய மாறாது என்று. 13.3-இலிருந்து 110-க்குப் போவது பொட்டாசியம் நைட்ரேட். 35.7-இலிருந்து 37.3 வரை மட்டும் நகர்வது சாப்பாட்டு உப்பு. மிச்சம் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. கோடுகளையும் இதை வைத்தே பிரிக்கலாம். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக சோடியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு, பொட்டாசியம் நைட்ரேட். 60 டிகிரியில் அந்த வரிசை தலைகீழ். ஆக நடுவில் மூன்றும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. வெட்டும் இடத்தில் கோடு மாறி அளந்துவிடாமல், ஒரு ஓரத்திலிருந்து விரலை வைத்துத் தொடர்ந்து போங்கள்.

தாளின் கடைசிக் கேள்வி: பொட்டாசியம் நைட்ரேட்டும் சோடியம் குளோரைடும் எந்த வெப்பநிலையில் சம அளவு கரையும்? மீட்ட அட்டவணையில் 20 டிகிரியில் நைட்ரேட் 4.4 கிராம் பின்தங்கியிருக்கிறது, 30-இல் 9.5 கிராம் முந்தியிருக்கிறது. இடையில் நேர்கோடு என்று வைத்தால் 23.2 டிகிரி வருகிறது. வரைபடத்தில் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம் x 670, அதாவது 23.5. நைட்ரேட்டின் கோடு நேர்கோட்டுக்குக் கீழே வளைந்து ஏறுவதால் உண்மையான வெட்டுப்புள்ளி 23.2-க்குச் சற்று வலப்புறம்தான் விழ வேண்டும், அப்படியே விழுந்திருக்கிறது. விடையாக 23-க்கும் 24-க்கும் இடையில் என்று எழுதிக் கொடுத்தேன்.