மேனேஜரிலிருந்து மறுபடி ஐசி ரோலுக்கு: லிங்க்ட்இன்னில் மறைக்காமல் எழுதுவது எப்படி

மேனேஜர் வேலையை விட்டு மறுபடி ஐசி ஆகப் போகிறவர்களுக்கு, அதாவது டீமை நிர்வகிக்காமல் தானே கோடு எழுதும் வேலைக்குத் திரும்புகிறவர்களுக்குச் சம்பளத்தை விடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. லிங்க்ட்இன்னில் பார்க்கிறவர்கள் "இறக்கிவிட்டார்கள் போல" என்று நினைத்துவிடுவார்களோ என்பதுதான் அது. அந்தப் பயத்தில் சிலர் பழைய பதவியை அப்படியே விட்டுவைக்கிறார்கள், சிலர் மேனேஜராக இருந்த வருடங்களையே அழித்துவிடுகிறார்கள். இரண்டுமே பின்னால் சிக்கலைக் கொண்டுவரும். நடந்ததை நடந்தபடி எழுதுவதுதான் சுலபமும்கூட.

ஓஎம்ஆரில் வேலை செய்யும் என் தோழி ஒருத்தியின் கணக்கை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். 2017-இல் பேக்எண்ட் டெவலப்பராகச் சேர்ந்தாள், 2021-இல் பேமென்ட்ஸ் டீமுக்கு எஞ்சினியரிங் மேனேஜர் ஆனாள், 2024-இல் அதே கம்பெனியிலேயே ஸ்டாஃப் எஞ்சினியராக ஐசி பக்கம் வந்துவிட்டாள். அவளே கேட்டு வாங்கிய மாற்றம் அது.

படி 1: முதலில் கடிதம்

மேலதிகாரி வாய்மொழியாகச் சரி என்று சொன்னது போதாது. புதிய பதவியின் பெயர், கிரேடு, எந்தத் தேதியிலிருந்து, யாருக்கு ரிப்போர்ட் செய்ய வேண்டும், சம்பளத்தில் மாற்றம் உண்டா இல்லையா என்று எச்ஆரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள். அதோடு, மேனேஜராக ஆக்கியபோது கொடுத்த பழைய கடிதத்தையும் தேடி எடுத்து உங்கள் சொந்தக் கோப்பில் வையுங்கள். கம்பெனியை விட்டுப் போகும்போது தரும் ரிலீவிங் லெட்டரில் பெரும்பாலும் கடைசிப் பதவி மட்டும்தான் இருக்கும், அதனால் நடுவில் மூன்று வருடம் மேனேஜராக இருந்தீர்கள் என்பதற்கு அந்த ஒரு கடிதம்தான் உங்கள் கையில் இருக்கும் சான்று. அடுத்த கம்பெனியின் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பதவியும் தேதியும் ஒத்துப்போகிறதா என்று கேட்பார்கள். புரொஃபைலில் போடும் மாதமும் கடிதத்தில் உள்ள மாதமும் ஒன்றாக இருக்கட்டும்.

படி 2: மாற்றம் உண்மையிலேயே முடிந்ததா?

இதைச் சீக்கிரமே சரிபார்க்கலாம். எச்ஆர் போர்ட்டலைத் திறந்து பாருங்கள். டீமில் யாராவது லீவு கேட்டால் அந்த அப்ரூவல் இன்னும் உங்களுக்கே வருகிறது என்றால், நீங்கள் காகிதத்தில் மட்டும்தான் ஐசி. அப்ரைசல் நடுவில் மாறுகிறீர்கள் என்றால் ஒவ்வொருவரையும் பற்றிச் சுருக்கமான குறிப்பு எழுதிப் புது மேனேஜரிடம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மார்ச் மாதம் ரேட்டிங் போடும் வேலை மறுபடி உங்கள் தலையில்தான் விழும். இதெல்லாம் முடிந்த பிறகு புரொஃபைலைத் தொட்டால் போதும், அவசரம் ஒன்றும் இல்லை.

படி 3: புதிய பதவியைச் சேர்ப்பது

`Experience` பகுதியில் + அழுத்திப் புதிய பதவியாகச் சேர்க்க வேண்டும். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: ஏற்கெனவே உள்ள மேனேஜர் பதிவைத் திறந்து, பெயரை மட்டும் ஸ்டாஃப் எஞ்சினியர் என்று மாற்றிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் 2021-லிருந்தே ஸ்டாஃப் எஞ்சினியராக இருந்தது போல ஆகிவிடும். தெரியாமல் செய்தாலும் அது பொய்தான்.

சேர்ப்பதற்கு முன் `Notify network` அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எரிந்துகொண்டிருந்தால், நீங்கள் ஒரு வரி விளக்கம் எழுதுவதற்குள்ளேயே தெரிந்தவர்களிடமிருந்து வாழ்த்து வரத் தொடங்கிவிடும். கம்பெனி பெயரைத் தட்டச்சு செய்து அப்படியே விடாமல், கீழே விரியும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுங்கள். பழைய பதிவுக்கு முடிவுத் தேதி கொடுங்கள். சேமித்த பிறகு கம்பெனி பெயர் ஒரே தடவை வந்து, அதன் கீழே மூன்று பதவிகளும் வரிசையாகத் தெரிய வேண்டும். கம்பெனி இரண்டு தனிப் பெட்டிகளாகத் தெரிந்தால் பட்டியலில் வேறு பக்கத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள், அல்லது தேதிகளுக்கு நடுவில் இடைவெளி விழுந்திருக்கிறது.

படி 4: மேனேஜர் வருடங்களை எழுதுவது

இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். தோழி முதலில் எழுதியது இது: "பேமென்ட்ஸ் தளத்தை வடிவமைத்துக் கட்டினேன், டீமை வழிநடத்தினேன்." கட்டியது அவள் டீம். அந்த மூன்று வருடத்தில் அவள் எழுதிய கோடு மிகக் குறைவு. இன்டர்வியூவில் யாராவது அந்த டிசைனைத் தோண்டிக் கேட்டால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். திருத்தி எழுதியது இப்படி:

> பேமென்ட்ஸ் டீமில் ஏழு எஞ்சினியர்கள் எனக்கு நேரடியாக ரிப்போர்ட் செய்தார்கள். ஆள் எடுப்பது, அப்ரைசல், காலாண்டுத் திட்டம் என் பொறுப்பு. ரீஃபண்ட் சேவையைத் தனியாகப் பிரிக்கும் முடிவை எடுத்து, அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்கினேன். டிசைன் ரிவ்யூ செய்தேன். புரொடக்ஷன் கோடு அதிகம் எழுதவில்லை.

கடைசி வரியைப் போடத் தயங்கினாள். போடச் சொன்னது நான்தான். ஐசி வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்கு முதலில் வரும் சந்தேகமே அதுதான், அதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிடுகிறது. முடிவு உங்களுடையதா, வேலை உங்களுடையதா என்று ஒவ்வொரு வரியிலும் பிரித்து எழுதுங்கள்.

படி 5: ஏன் மாறினீர்கள் என்ற அந்த ஒரு வரி

புதிய பதவியின் விளக்கத்தில் முதல் வரியாக வரட்டும், ஒரே வரி போதும். நீங்களே கேட்டு மாறியிருந்தால்: "மூன்று வருட மேனேஜர் பணிக்குப் பிறகு, என் விருப்பத்தில் ஐசி பணிக்குத் திரும்பினேன்." கம்பெனி இரண்டு டீமை ஒன்றாக்கியதில் உங்கள் இடம் போயிருந்தால்: "டீம்கள் இணைக்கப்பட்டபோது ஐசி பணிக்கு மாறினேன்." இதில் விருப்பம் என்ற சொல்லைச் சேர்க்காதீர்கள், பழைய சகாக்கள் படிப்பார்கள், ரெஃபரன்ஸ் கேட்டால் அவர்கள் சொல்வதும் வேறாக இருக்கும். உடல்நிலை, குடும்பம் என்று காரணம் இருந்தால் அதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. பதவியும் தேதியும் மட்டும் போட்டுவிட்டு விடலாம். காரணத்தைச் சொல்லாமல் விடுவது நேர்மைக்கு எதிரானது இல்லை, இல்லாத காரணத்தைச் சொல்வதுதான் எதிரானது. அதற்கடுத்த வரிகளில் இப்போது கையால் என்ன செய்கிறீர்கள் என்று எழுதுங்கள். தோழி எழுதியது: ரீகான்சிலியேஷன் சேவையின் கோடும் ஆன்கால் முறையும்.

படி 6: தலைப்பு வரி

புதிய பதவியைச் சேர்த்தாலும் பெயருக்குக் கீழே உள்ள `Headline` பழையபடியே நிற்கலாம், தனியாகத் திறந்து பாருங்கள். "ஸ்டாஃப் எஞ்சினியர், பேமென்ட்ஸ் பேக்எண்ட், முன்பு எஞ்சினியரிங் மேனேஜர்" என்று போதும். "டெக் லீடர்" மாதிரி இரண்டு பக்கமும் பொருந்தும் சொல்லைப் போட்டால் இரண்டு விதமான அழைப்பும் வரும், இரண்டும் வீண். சில வாரம் கழித்தும் மேனேஜர் வேலைக்கான மெசேஜ்களே வந்தால், `Open to work` அமைப்பில் பழைய பதவிப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நௌக்ரி, சிவி இரண்டிலும் அதே பதவிப் பெயரும் அதே மாதமும் இருக்க வேண்டும்.

படி 7: போனில் வரும் கேள்வி

ரெக்ரூட்டர் முதல் அழைப்பிலேயே கேட்பார்: "ஏன் சார் மேனேஜர்லேர்ந்து வந்துட்டீங்க?" புரொஃபைலில் எழுதிய அதே வரியைச் சொல்லுங்கள், கூட ஒரு எடுத்துக்காட்டு மட்டும் சேருங்கள். தோழி சொல்வது இது: "வாரம் முழுக்க மீட்டிங்கில் போனது. செட்டில்மென்ட் கணக்கு ஏன் இடிக்கிறது என்று உட்கார்ந்து தோண்டுவதுதான் எனக்குப் பிடித்த வேலை, இப்போது அதைத்தான் செய்கிறேன்." மறுபடி மேனேஜர் ஆவீர்களா என்று கேட்டால், இப்போதைக்கு ஐசி வேலைதான் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த வேலையில் மேனேஜர் பொறுப்பும் ஒட்டிக்கொண்டு வருகிறதா, எத்தனை பேர் ரிப்போர்ட் செய்வார்கள் என்று திருப்பிக் கேளுங்கள். ஐசி என்று பெயர் போட்டு நாலு பேரைக் கையில் கொடுக்கும் இடங்களும் உண்டு.