படிக்க முடியாத பழைய தமிழ்க் கோப்புகளுக்கு ஒரு சோதனைத் தொகுப்பு: அடையாளமிடுவது எப்படி?

கும்பகோணத்தில் ஒரு டிடிபி கடை. இருபது வருடமாக அங்கே அடித்த கும்பாபிஷேகப் பத்திரிகைகள், கல்யாண அழைப்பிதழ்கள், வாய்க்கால் முறைப்பாசன அறிவிப்புகள் எல்லாம் வெறும் உரைக் கோப்புகளாக ஒரு வன்தட்டில் கிடந்தன. திறந்தால் ஒரு வரிகூடப் படிக்க முடியாது. "எல்லாமே தமிழ்தான் தம்பி, எந்த எழுத்துருவுல அடிச்சேன்னுதான் மறந்துபோச்சு" என்றார் கடைக்கார அண்ணன். அடிக்கும்போது எழுத்துருவின் பெயர் பக்க வடிவமைப்புக் கோப்பில் இருந்தது. உரையை மட்டும் தனியே பிரித்துச் சேமித்ததில் அந்தப் பெயர் காணாமல் போய்விட்டது.

எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடுதான் குறியாக்கம். ஒவ்வொரு வரியும் எந்தக் குறியாக்கம் என்று ஊகிக்க ஒரு சின்ன நிரலை எழுதினேன். அது எவ்வளவு சரியாக ஊகிக்கிறது என்று தெரிய வேண்டுமானால், விடை தெரிந்த வரிகள் கொஞ்சம் கையில் இருக்க வேண்டும். அந்தத் தொகுப்பை உருவாக்கிய விதத்தைத்தான் இங்கே சொல்கிறேன். பைத்தான் கொஞ்சம் தெரிந்தால் போதும்.

1. திரையைப் பார்க்காதீர்கள், பைட்டைப் பாருங்கள்

"நெல்" என்ற ஒரே சொல் மூன்று கோப்புகளில் எப்படித் தெரிகிறது, பாருங்கள்:

```
ney;
¦¿ø
à®¨à¯†à®²à¯
```

முதலாவது பாமினி. தமிழ்த் தட்டச்சு விசைப்பலகையை ஒட்டி ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அதனால் பைட்டு அளவில் அது அச்சு அசல் ஆங்கிலம்தான். இரண்டாவது டிஸ்கி, 1990களின் இறுதியில் இணையத் தமிழர்கள் மின்னஞ்சல் வழியே பேசி உருவாக்கியது. அதில் தமிழ் எழுத்துகள் 128-க்கு மேற்பட்ட எண்களில் உட்கார்ந்திருக்கும். இந்த இரண்டிலும் ஒற்றைக்கொம்பு முதலில் வரும், 'ந' பின்னால் வரும். யூனிகோடில் 'ந' முதலில், கொம்பு அப்புறம். மூன்றாவது, நல்ல யூனிகோடாக இருந்த உரை. யாரோ அதை மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 குறியாக்கம் என்று தவறாகத் திறந்து, அப்படியே மறுபடி சேமித்ததில் குலைந்துவிட்டது.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தக் கோப்புகளை எந்த உரைத் திருத்தியிலும் திறந்து "சேமி" கொடுத்துவிடாதீர்கள். டிஸ்கி கோப்பு அந்த ஒரு சொடுக்கில் வேறொன்றாக மாறிவிடும், அப்புறம் நீங்கள் அளப்பது உங்கள் திருத்தி செய்த குளறுபடியைத்தான். பைட்டாகவே படியுங்கள்:

```python
data = open("a.txt", "rb").read()
for line in data.splitlines():
    print(line.hex())
```

எக்செலையும் நம்ப வேண்டாம். அட்டவணையில் உரையை வைக்காமல் இந்தப் பதினாறடிமான வடிவத்தையே வையுங்கள். என் அட்டவணை இப்படித்தான் இருந்தது:

```
id,file,hex,label,fix
017,a3,6e65793b,bamini,yes
018,b1,a6bff8,tscii,yes
```

2. வரிகளை எடுப்பது

முதல் தடவை ஒரு பெரிய கும்பாபிஷேகப் பத்திரிகையிலிருந்தே நூறு வரி எடுத்தேன். அது வீண் வேலை. ஒரே கோப்பின் நூறு வரிகளுக்கும் ஒரே விடைதான், ஒன்றைச் சரியாகச் சொன்னால் நூறும் சரியாகிவிடும். அதனால் ஒரு கோப்புக்கு நான்கு வரி என்று வைத்துக்கொண்டு, 63 கோப்புகளிலிருந்து 252 வரிகள் எடுத்தேன். நிரலைச் சரிசெய்யப் பார்த்த கோப்புகள் எதுவும் இதில் இல்லை. வரியை மாற்றினால் மட்டும் போதாது, கோப்பே வேறாக இருக்க வேண்டும்.

சில கோப்புகளில் முகவரியும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த வரிகளையும் வேண்டுமென்றே சேர்த்தேன். பாமினியும் ஆங்கிலமும் பைட்டில் ஒரே சாதி என்பதால், இரண்டையும் பிரிக்கத் தெரிகிறதா என்று பார்க்காமல் விட்டால் சோதனைக்கே அர்த்தமில்லை.

3. வகைகளும், அவற்றைப் பிரிக்கும் விதியும்

ஆறு வகை வைத்தேன்: பாமினி, டிஸ்கி, குலைந்த யூனிகோடு, இழந்தது, வேறு, ஆங்கிலம். "வேறு" என்பது இந்த முதல் மூன்றிலும் அடங்காத எல்லாத் தமிழும். 1999-ல் தமிழக அரசு தரமாக அறிவித்த டாம், டாப் குறியாக்கங்களும், ஒவ்வொரு மென்பொருளும் தன் இஷ்டத்துக்கு வைத்திருந்த எழுத்துருக்களும் அதில் வரும். இவற்றைத் தனித்தனியாகப் பிரிக்கலாமே என்று தோன்றும். ஆனால் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு வரிதான் தேறும், அதை வைத்து எந்தச் சதவீதமும் சொல்ல முடியாது.

"இழந்தது" என்பதில் கவனம் வேண்டும். திரையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் உரை போய்விட்டது என்று பொருளல்ல, அந்தக் கணினியில் எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். பைட்டில் வரிசையாக `3f` அல்லது `efbfbd` இருந்தால்தான் உண்மையிலேயே போனது. முதலாவது கேள்விக்குறி, இரண்டாவது யூனிகோடின் "தெரியாத எழுத்து" குறி.

குலைந்த யூனிகோடைக் கண்டுபிடிப்பது எளிது: `c3a0c2ae` என்ற வரிசை திரும்பத் திரும்ப வரும். ஆனால் அடையாளமிடும்போது எனக்கு அதிகம் குழப்பம் தந்ததும் இதுதான். விண்டோஸ்-1252-ல் ஐந்து இடங்கள் காலி: 81, 8D, 8F, 90, 9D. யூடிஎஃப்-8-ல் புள்ளியின் கடைசி பைட்டு 8D. உகரக் குறியின் கடைசி பைட்டு 81. 'ஏ' என்ற தனி எழுத்துக்கு 8F, 'ஐ' என்ற தனி எழுத்துக்கு 90. சில திருத்திகள் இந்தக் காலி இடத்து பைட்டுகளைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக வைத்திருக்கும், சில தூக்கி எறிந்துவிடும். எறிந்துவிட்டால் மீட்டெடுத்த உரையில் "நெல்" என்பது "நெல" என்று நிற்கும். இது குலைந்ததா, இழந்ததா?

நான் செய்த முடிவு: வகை என்பது காரணத்தைச் சொல்ல வேண்டும், மீளுமா என்பதைச் சொல்லக்கூடாது. ஆகவே `label` குலைந்த யூனிகோடுதான். மீளுமா என்பதற்குத் தனியாக `fix` என்று ஒரு நெடுவரிசை. இரண்டையும் ஒரே பெயருக்குள் அடைத்தால், நிரல் காரணத்தைச் சரியாகச் சொன்னாலும் தப்பு என்று எண்ணிவிடுவீர்கள்.

4. அடையாளமிடுவது

ஒரு வரியைக் கண்ணால் பார்த்து "இது பாமினி மாதிரி இருக்கு" என்று எழுதிவிடக்கூடாது. மாற்றிப் பார்த்துப் படிக்க வேண்டும். `open-tamil` என்ற பைத்தான் நூலகத்தில் பாமினி, டிஸ்கி உட்படப் பல குறியாக்கங்களை யூனிகோடாக மாற்றும் வசதி இருக்கிறது. பாமினியாக மாற்றும்போது "சம்பா நாற்று" என்று பொருளுள்ள தமிழ் வந்தால் அது பாமினி. எழுத்துகள் தமிழாக இருந்து சொல் மட்டும் உளறலாக இருந்தால், ஆங்கில எழுத்துகளின் இடத்தையே பிடித்த வேறு ஏதோ எழுத்துரு, "வேறு" என்று போடுங்கள். தானாகக் கண்டுபிடித்து மாற்றும் கருவி எதையும் இந்த வேலைக்குப் பயன்படுத்தாதீர்கள். ஊகத்தை அளக்க இன்னொரு ஊகத்தை விடையாக வைத்ததாகிவிடும்.

அப்புறம் அதே 252 வரிகளை மன்னார்குடியில் இருக்கும் நண்பரிடம் கொடுத்தேன், என் விடைகளைக் காட்டாமல். 229 வரிகளில் இருவரும் ஒத்துப்போனோம், 23-ல் இல்லை. அந்த 23-ஐ உட்கார்ந்து பார்த்தபோது, 11 வரிகள் பாதி ஆங்கிலம், பாதி பாமினி. தொலைபேசி, கடைப் பெயர் எல்லாம் கலந்த வரிகள். விதியை எழுதாமல் விட்டது என் தவறு. "தமிழ்ப் பகுதி எதுவோ அதுவே வகை" என்று எழுதிச் சேர்த்ததும் அவை தீர்ந்தன. இன்னொரு 12 வரிகளில் தேதியும் எண்ணும் மட்டுமே இருந்தன. `04.06.2004` என்பது பாமினியிலும் டிஸ்கியிலும் ஆங்கிலத்திலும் ஒரே பைட்டுகள்தான். இதற்கு விடையே கிடையாது. அவற்றைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டு, எத்தனை எடுத்தோம் என்று மட்டும் குறித்து வைத்தோம். மிச்சம் 240.

5. எண்ணுவது

நிரலின் ஊகத்தை `guess` என்ற நெடுவரிசையில் சேர்த்து இப்படி எண்ணினால் போதும்:

```python
import csv
from collections import Counter
rows = csv.DictReader(open("table.csv"))
c = Counter((r["label"], r["guess"]) for r in rows)
for k, n in sorted(c.items()):
    print(*k, n)
```

240-ல் 203 சரி, அதாவது 85 சதவீதம். பரவாயில்லையே என்றுதான் எனக்கும் தோன்றியது. வகை வகையாகப் பிரித்ததும் கதை மாறியது. குலைந்த யூனிகோடு 40-க்கு 40. டிஸ்கி 50-ல் 47. ஆங்கிலம் 30-ல் 28. பாமினி 70-ல் 58, தவறிய 12-ல் ஒன்பதை ஆங்கிலம் என்று சொல்லியிருந்தது. "வேறு" வகையில் 30-க்கு வெறும் 11. அதில் 14 வரிகளைப் பாமினி என்றும் 5 வரிகளை டிஸ்கி என்றும் சொல்லிவிட்டது.

இந்தப் 14-தான் ஆபத்து. நிரல் "பாமினி" என்று மொத்தம் 74 வரிகளுக்குச் சொன்னது, அதில் உண்மையான பாமினி 58. நிரலை நம்பி அப்படியே மாற்றினால், ஐந்தில் ஒன்றுக்கு மேல் உளறலாக வரும். "தெரியவில்லை" என்று சொல்ல வேண்டிய இடத்தில் தெரிந்ததாகச் சொல்வதால் வரும் கேடு இது. 85 என்ற எண்ணில் இது தெரியவே தெரியாது.

"இழந்தது" 20-ல் 19 சரி. 95 சதவீதம் என்று அறிவித்துக்கொள்ள ஆசைதான், ஆனால் இருபதே வரிகளை வைத்துச் சொன்னால் உண்மையான அளவு 76-லிருந்து 99 வரை எங்கும் இருக்கலாம். அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு "20-ல் 19" என்றே எழுதினேன்.

ஆங்கிலம் என்று தவறிய ஒன்பது பாமினி வரிகளையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்பதும் பத்து எழுத்துக்குள் அடங்கிய குறுவரிகள், `ney;` போன்றவை. அவ்வளவு சின்ன வரியில் நிரல் பிடித்துக்கொள்ள எதுவுமில்லை. ஆனால் கோப்பில் அதற்கு மேலும் கீழும் நீண்ட வரிகள் இருக்கின்றன. அதனால் குறுவரிக்குத் தனியாக ஊகிக்காமல், பக்கத்து வரிகளின் வகையை எடுத்துக்கொள்ளும்படி நிரலை மாற்றியிருக்கிறேன். அதைச் சோதிக்க இந்த 240 வரிகள் இனி உதவாது, தவறுகளைப் பார்த்துத்தானே நிரலைத் திருத்தினேன். இன்னொரு வன்தட்டு கேட்டிருக்கிறேன். ஆடிப்பெருக்குக்குள் தேடித் தருவதாக அண்ணன் சொல்லியிருக்கிறார்.